மீன்காரர் சொல்லும் தடைக்காலம் எந்த ஊருடையது?

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன்காரத் தம்பி வருவார். ஹாரன் சத்தம் கேட்டதும் பூனைகள்தான் முதலில் வாசலுக்கு ஓடும். போன மார்ச் மாதம் கெம்போங் மீன் கிலோ 20 வெள்ளி என்றார். ஏன் இந்த விலை என்று கேட்டால், "தடைக்காலம் அக்கா, இந்தியாவில் படகையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டார்கள்" என்றார். டிசம்பரில் விலை ஏறியபோதும் இதே பதில்தான் வந்தது.

தமிழ்நாட்டில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்திவிடுகிறார்கள். நாட்டுப் படகுகளும் வள்ளங்களும் கரையோரமாகப் போய்வரலாம். அதனால்தான் அங்கே மத்தி ஓரளவு கிடைக்கும்போதே வஞ்சிரம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஆனால் மார்ச்சிலும் டிசம்பரிலும் அந்தப் படகுகள் கடலில்தான் இருக்கும். நம் ஊர் விலைக்கு அவர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை.

மலேசியாவில் எல்லா விசைப்படகையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் அப்படிப்பட்ட தடை கிடையாது. இங்கே டிசம்பரில் விலையை ஏற்றுவது காற்று. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும்போது குவாந்தான், குவாலா திரெங்கானு பக்கம் சிறு படகுகள் கடலுக்குப் போக முடியாது. பங்கோர் பக்கத்துக் கடல் அமைதியாக இருந்தாலும், கிழக்குக்கரை மீன் வராத குறையை மேற்குக்கரை மீன்தான் ஈடுகட்ட வேண்டும். பிறகு நமக்கு எப்படி மலிவாகக் கிடைக்கும்?

ஆனால் மார்ச் விஷயத்தில் தம்பி சொன்னது பாதி உண்மை. நாட்டை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். நம் பாசாருக்குத் தாய்லாந்து மீனும் வருகிறது. அங்கே தாய்லாந்து வளைகுடாவில் பிராச்சுவாப், சும்போன், சூராட்தானி மாநிலங்களை ஒட்டிய கடலில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் மே 15 வரை கட்டுப்பாடு உண்டு. அது முக்கியமாக கெம்போங் இனத்து மீன் குஞ்சு பொரிப்பதற்காகத்தான். அந்தமான் கடல் பக்கம் ஏப்ரல் தொடங்கி ஜூன் இறுதி வரை இன்னொரு தடை. தை மாதக் காற்று ஓய்ந்த பிறகும் கெம்போங் விலை ஏன் இறங்கவில்லை என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதங்களில் நான் வாங்குவது தீலாப்பியா. "குளத்து மீனா!" என்று முகம் சுளிப்பவர்களுக்காகவே ஒருநாள் தராசு வைத்து நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு இரண்டு மீன், 14 வெள்ளி. செதிலும் குடலும் துடுப்பும் போக 820 கிராம். தலையை எடுத்தால் 560 கிராம். அப்படியானால் துண்டின் விலை கிலோ 25 வெள்ளி. பார்த்த அளவு மலிவில்லை. ஆனால் 20 வெள்ளி கெம்போங்கிலும் தலையும் குடலும் போனால் கிலோவில் 650 கிராம்தான் தேறுகிறது, அதாவது கிலோ 31 வெள்ளி. தெங்கிரித் துண்டு அன்று 45. தீலாப்பியாத் தலையைக் குழம்பில் போட்டுவிட்டால் கணக்கு இன்னும் நமக்குச் சாதகம்.

மண் வாடை வருகிறது என்பார்கள். உண்மைதான். குளத்தில் வளரும் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. வாங்கும்போதே செவுளைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பச்சையிலேயே ஈரமண் நெடி தூக்கலாக அடித்தால் வைத்துவிடுங்கள், அதை எந்த மசாலாவும் காப்பாற்றாது. தெமெங்கோர் ஏரியில் கூண்டில் வளர்ந்தது கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், வாடை குறைவு. வீட்டில் வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புத் தோலையும், அடிவயிற்றுக் கொழுப்பையும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் எடுத்துவிட வேண்டும். கல்லுப்பும் புளிக்கரைசலும் பிசறிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். புளிப்பு அந்த வாடையைக் குறைக்கும், அதனால் இந்த மீனுக்குப் புளிக்குழம்புதான் சரி. தேங்காய்ப்பால் சொதிக்கு எடுக்காதீர்கள். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் முள்தான் மிஞ்சும்.

விருந்தாளி வந்தால் சியாகாப் எடுக்கிறேன். ஊரில் கொடுவா என்பார்களே, அதே மீன். இங்கே உப்பங்கழிகளில் வளர்க்கிறார்கள், சதை கெட்டியாக இருக்கும், பொரிக்கலாம். கெலி மீன் இன்னும் மலிவு, ஆனால் அம்மா இருக்கும்வரை அது எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது.

பற்றாக்குறை மாதத்தில் கெம்போங் வாங்கியே ஆகவேண்டும் என்றால் கண் குழிந்து வெளுத்ததையும், செவுள் பழுப்பேறியதையும், விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்பதையும் தொடாதீர்கள். உறைந்ததை உருக்கி வெயிலில் வைத்து விற்பது இந்தச் சமயத்தில்தான் அதிகம். கெம்போங், தெங்கிரி, சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும், வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து அரிக்கும். எனக்கு ஒருமுறை வந்தது, மசாலாவில் மிளகாய் கூடிவிட்டது என்று பாவம் மாமியாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.