"நீயே கொஞ்சம் நல்லா எழுதிப் போட்டுடும்மா"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேகால். பையைத் தூக்கித் தோளில் மாட்டிய நேரத்தில் இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்த சீனியரிடமிருந்து வாட்ஸ்அப்: "பையன் வேஸ்ட். பேசிக்ஸே இல்ல. ஆட்டிட்யூட் வேற. ரிஜெக்ட். ஃபைலுக்கு நீயே கொஞ்சம் நல்லா எழுதிப் போட்டுடும்மா."

எதை வைத்து எழுதுவது? முக்கால் மணி நேரம் அந்தப் பையனோடு அறைக்குள் இருந்தவர் அவர். நான் வாசலில் தண்ணீர் பாட்டில் கொடுத்ததோடு சரி. "வேஸ்ட்" என்பதை "எதிர்பார்த்த அளவில் இல்லை" என்று மாற்றிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அழுக்குச் சட்டையைத் துவைக்காமல் இஸ்திரி போடுவதுதான் அது. ஆறு மாதம் கழித்து அதே பையன் திரும்ப விண்ணப்பித்தால், ஃபைலைத் திறக்கிறவருக்கு அந்த வரியிலிருந்து என்ன தெரியும்? என்ன கேட்டார்கள், அவன் என்ன சொன்னான், இந்த வேலைக்குத் தேவையான எதில் அது குறைந்தது, இந்த மூன்றும் வேண்டும்.

சரி என்று போன் போட்டேன். "சார், பேசிக்ஸ் இல்லன்னா எந்தக் கேள்வியில?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த நீலச் சட்டை பையன்தானே?" மதியம் பார்த்த ஆளையே சட்டை நிறத்தை வைத்துத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! இழுத்து இழுத்துக் கேட்டதில் விஷயம் வந்தது. ஆர்டர் பட்டியல் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். இண்டெக்ஸ் போடுவேன் என்றிருக்கிறான். இண்டெக்ஸ் இருந்தும் மெதுவாக இருந்தால்? முழித்திருக்கிறான். டேட்டாபேஸ் அந்த வினவலை எப்படி ஓட்டுகிறது என்று எதில் தெரியும் என்று இவர் எடுத்துக் கொடுத்ததும், `EXPLAIN` ஓட்டிப் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

அப்படியென்றால் பேசிக்ஸே இல்லை என்பது எப்படிச் சரி? நான் எழுதியது இது: "வேகக் குறைவுக்கு முதல் தீர்வாக இண்டெக்ஸைச் சொன்னார். அது போதாதபோது அடுத்த படியைத் தானாகச் சொல்லவில்லை; குறிப்பு கொடுத்த பிறகு `EXPLAIN` பற்றிச் சரியாகச் சொன்னார். இந்த வேலையில் தனியாகப் பிழை தேட வேண்டியிருப்பதால் இது குறை." ரிஜெக்ட் ரிஜெக்டாகவே இருக்கட்டும். ஆனால் நடந்ததை எழுதியிருக்கிறேன்.

ஆட்டிட்யூட் என்ன தெரியுமா? "இந்த டீமில் மாசத்துக்கு எத்தனை நைட் ஷிஃப்ட், போன ஆள் ஏன் போனார்" என்று கேட்டானாம். வேலைக்கு வருகிறவன் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? அந்த வார்த்தையை ஃபைலில் ஏற்ற மாட்டேன் என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். நாலு தலைப்பிலும் வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டிருந்தவர், டெக்னிக்கலை இரண்டாக அவரே மாற்றினார். மார்க்கில் நான் கை வைப்பதில்லை. எழுதியதையும் அவருக்கு அனுப்பி, "ஆமாம், இதுதான் நடந்தது" என்று மெயிலில் பதில் வந்த பிறகே ஏற்றுவேன். இல்லாவிட்டால் நான் பார்க்காத இன்டர்வியூவுக்கு நானே சாட்சி ஆகிவிடுவேன்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் இன்னொருவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்: "நல்லா பண்ணுச்சு. ஆனா போன மாசம்தான் கல்யாணம் ஆயிருக்கு, சீக்கிரம் லீவுல போயிடும். நீண்ட கால ஈடுபாட்டில் சந்தேகம்னு போட்டுடு." பாருங்கள், இஸ்திரியும் அவரே போட்டுக் கொடுத்துவிட்டார்! ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் போட்டாகிவிட்டது. இது கரடுமுரடான வார்த்தை இல்லை, நயமாக மாற்றி எழுத. காரணமே தப்பு. அதை நான் அழகாக எழுதினால் நானும் கூட்டு. வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். இல்லை. மற்ற மார்க்கெல்லாம் மூன்றும் நாலும். அவருடைய மெசேஜை அப்படியே என் மேனேஜருக்கு அனுப்பி, வேறு பேனலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மேனேஜர் பதில்: "இதையெல்லாம் ஏன்மா மெயில்ல போடுற?"

இவ்வளவுக்கும் ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் பின்னால் படிவம் நிரப்ப என்று காலண்டரில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதில் டீ குடிக்கப் போகிறார்கள்.

இன்றைக்கு வந்தது: "ஓகே டைப். டீமுக்கு செட் ஆகாது." என்ன கேட்டீங்க, என்ன சொன்னார் என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது.