ZRANK மொத்தப் பட்டியலையும் எண்ணுவதில்லை

ஆட்டத்தின் ஸ்கோர் பட்டியலில் ஒருவரின் இடத்தை ரெடிஸ் டேட்டாபேஸில் ZRANK கீழிருந்தும் ZREVRANK மேலிருந்தும் சொல்லும். இதைப் பற்றி ஒருவர் சொன்னது: “ரெடிஸ் மெமரியில் இருப்பதால்தான் வேகம். ZREVRANK மேலிருந்து ஒவ்வொருவராக எண்ணும், 50 லட்சம் பேர் ஆனால் படுத்துவிடும்.”

மெமரி என்பது பாதி சரி. எண்ணுவது என்பது தவறு. இந்தப் பட்டியலை ரெடிஸ் சார்ட்டட் செட்டாக வைக்கிறது. அதற்குள் ஒரு ஹாஷ் டேபிளும், ஸ்கோர் வரிசையில் பல அடுக்காக அமைந்த ஒரு ஸ்கிப் லிஸ்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆட்டக்காரரின் பெயரைக் கொடுத்ததும் ஹாஷ் டேபிள் ஸ்கோரைத் தருகிறது. அதை வைத்து ரெடிஸ் ஸ்கிப் லிஸ்டின் மேல் அடுக்கிலிருந்து தாவித் தாவி இறங்குகிறது.

சூட்சுமம் இதுதான்: ஒவ்வொரு தாவலிலும் எத்தனை பேரைத் தாண்டுகிறோம் என்ற எண் (`span`) ஏற்கெனவே எழுதியிருக்கிறது. 12 லட்சம், அப்புறம் 3 லட்சம், அப்புறம் 40 பேர் என்று தாண்டினால், கூட்டினாலே இடம் தெரிந்துவிடும். 50 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 11 அடுக்குதான், சில டஜன் தாவல்களில் வேலை முடியும். ஸ்கோர் மாறும்போது இந்த எண்களையும் திருத்த வேண்டும், அதற்கும் அதே அளவு வேலைதான்.

உங்களுக்கு மெதுவாக இருந்தால் `ZRANGE board 0 -1` என்று மொத்தத்தையும் இழுக்கிறீர்களா பாருங்கள். என் பழைய புராஜெக்ட்டில் குற்றவாளி அதுதான்.

ஒரே ஸ்கோர் எடுத்தவர்களுக்கு என்ன இடம் என்று ஒரு நண்பர் கேட்டது வேறு விஷயம்: ஒரே ஸ்கோர் எடுத்த இருவருக்கு ZREVRANK வெவ்வேறு இடம் தரும், பெயரின் தலைகீழ் வரிசைப்படி. ஒரே இடம் வேண்டுமென்றால், ஆட்டக்காரரின் ஸ்கோர் 4200 எனில்:

```
ZCOUNT board (4200 +inf
```

4200-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று வரும், அதோடு 1 கூட்டுங்கள். இதுவும் ஒவ்வொருவராக எண்ணாது. முதலில் எட்டியவருக்கே முன்னுரிமை என்றால் இது போதாது, ஸ்கோருக்குள் நேரத்தையும் நுழைக்க வேண்டும்.