கேரட்டை யாரும் திட்டவில்லை

நேற்று அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: நண்பர் ஒருவர் போட்ட பதிவு அது. சிகரெட், பீடி பிடிப்பவர்கள் நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ள தினமும் பீட்டா கரோட்டின், அதாவது கேரட்டுக்கு நிறம் தரும் சத்து, மாத்திரையாகப் போட வேண்டுமாம். "அவர்களுக்குத்தான் அது ஆகவே ஆகாது" என்று இரண்டே வரி எழுதினேன். உடனே நான் மருந்து கம்பெனி கைக்கூலி, கேரட் விரோதி. மாத்திரை வேண்டாம் என்று சொல்பவனுக்கு எந்தக் கம்பெனி கூலி கொடுக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயதுவரை உள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மீதிப் பேருக்கு அது இல்லாத மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்தார்கள். புற்றுநோய் குறையும் என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் போடாதவர்களில் 402 பேருக்கு நுரையீரல் புற்றுநோய், போட்டவர்களில் 474 பேருக்கு. குறையவில்லை ஐயா, கூடியது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் வைத்து இன்னொரு ஆய்வு. பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே கதை. 1996 ஜனவரியில், முடிய வேண்டிய நாளுக்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

"ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று நானே படித்திருக்கிறேன்" என்றார் ஒருவர். உண்மைதான். அதே ஃபின்லாந்து ஆட்களிலேயே, ஆய்வு தொடங்கும்போது ரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் குறைவாகத்தான் வந்தது. அவர்கள் காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். அடையாளத்தை மட்டும் பிய்த்தெடுத்து மாத்திரையாக்கி விழுங்கினால் காய்கறி தின்ற பலன் வந்துவிடுமா?

ஏன் திருப்பி அடிக்கிறது? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் ஒன்றைப் பீட்டா கரோட்டின் பிடித்து அடக்கும்போது தானும் நிலைகெட்டுப் போகிறது. அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வைட்டமின் சி போன்ற துணை வேண்டும். புகைபிடிப்பவர் உடம்பில் அந்த வைட்டமின் சி ஏற்கெனவே குறைவு. போதாததற்கு நுரையீரலில் ஆக்சிஜன் அதிகம், கூடவே புகை. அந்தச் சூழலில் பீட்டா கரோட்டின் கண்டபடி உடைகிறது. மனிதர்களைப் போலவே அதை உடம்பில் ஏற்றிக்கொள்ளும் ஃபெரட் என்ற விலங்குக்கு அதிக அளவில் கொடுத்துப் புகையும் காட்டிப் பார்த்தார்கள். செல் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் ரெட்டினாயிக் அமிலம் நுரையீரலில் குறைந்துபோனது. செல்கள் புற்றுக்கு முந்தைய நிலைக்கு மாற ஆரம்பித்தன. காவலுக்கு வைத்தவனே கன்னம் வைத்த கதை.

எங்கள் பெரியப்பா பீடியை விடாத மனுஷன். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய இந்த மாத்திரை பாட்டில் திண்ணையில் தீப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். காலையில் ஒரு மாத்திரை, அடுத்த நிமிஷம் ஒரு பீடி. விடச் சொன்னால், "அதான் இதப் போட்டுக்கறேன்ல" என்று பாட்டிலை ஆட்டிக் காட்டுவார். அந்த மாத்திரை செய்த முதல் கெடுதல் அதுதான். இந்த மாதிரிப் பதிவு போடுகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டதில்லை.

"நான் புகைபிடிப்பதில்லையே" என்பவர்களுக்கு: அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மில்லிகிராம் வீதம் சுமார் பன்னிரண்டு வருடம் பார்த்தார்கள். அவர்களில் புகைபிடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. காசு உங்களுடையது, போடுங்கள்.

"ஃபின்லாந்துக்காரன் உடம்பு வேறு, நம்ம உடம்பு வேறு." இதற்கெல்லாம் பதில் சொல்வதாக இல்லை. மாத்திரை வெளிநாட்டுடையதாக இருக்கலாம், அதன் கெடுதல் மட்டும் இமிகிரேஷனில் நின்றுவிடுமோ?

கேரட் சாப்பிடுங்கள், முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், பப்பாளி சாப்பிடுங்கள். யார் வேண்டாம் என்றது? சாப்பாட்டிலிருந்து உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஃபின்லாந்தில் மாத்திரை போட்டவர்களின் ரத்தத்திலோ அது பத்து மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. நேற்று நான் எழுதிய இரண்டு வரியும் மாத்திரையைப் பற்றி மட்டும்தான். கேரட் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

அந்தப் பதிவர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஒரு போன் போட்டு "என்னப்பா இப்படிச் சொல்றே" என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டியிருப்பேன். "படித்த திமிர்" என்று எழுதிவிட்டு என் கமெண்டைத் தூக்கிவிட்டார். பதிவு அப்படியே இருக்கிறது, ஹார்ட்டின் ஏறிக்கொண்டே போகிறது. இதற்குக் கீழேயும் வந்து "அறிவியலே மாறிக்கொண்டேதானே இருக்கிறது" என்று யாராவது ஆரம்பித்தால் பதிலெல்லாம் கிடையாது, நேராக பிளாக்தான்.