என் வாசகர்களின் முகவரிகளை நான் ஏன் தரவில்லை

சென்ற வாரம் ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் பிறகு எழுந்த பேச்சை நீங்கள் அநேகமாக எல்லோரும் படித்திருப்பீர்கள் என்பதால், முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. என் மாதச் செய்திமடலைப் பெறுகிறவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை, ஒரு சக எழுத்தாளரின் புதிய நாவலின் அறிவிப்பை "ஒரே ஒரு முறை" அனுப்புவதற்காகக் கேட்டார்கள். நான் தர மறுத்தேன். அதன் பிறகு என்னைத் தன்னலக்காரி என்றும், சக எழுத்தாளரின் வளர்ச்சியைப் பொறுக்காதவள் என்றும், "இவர் நடத்துவதும் விளம்பரம்தானே, அதில் என்ன புனிதம்" என்றும் எழுதினார்கள். முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. மூன்றாவதற்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல ஆண்டுகளாக நான் பொறுமையோடு செய்துவரும் ஒரு வேலையை அது இல்லாமலாக்கிவிடுகிறது.

அந்த முகவரிகள் என்னுடையவை அல்ல. அவற்றைத் தந்தவர்கள், மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று என் பெயரில் ஒரு கடிதம் வரும் என்ற ஒரே ஒரு காரியத்துக்காகத் தந்தார்கள். அந்தக் கடிதம் விளம்பரமா இல்லையா என்பதை முடிவு செய்ய எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: என் நூல் எதையும் எந்தக் காலத்திலும் வாங்கப்போகாத ஒருவருக்கும் அது முழுக் கடிதமாக இருக்கிறதா? இருக்கிறது என்றால் அனுப்புகிறேன். வாங்கினால்தான் பயன் என்றால், அது எவ்வளவு அழகான தமிழில் எழுதப்பட்டிருந்தாலும் விளம்பரம்தான். அதை நான் அனுப்புவதில்லை.

ஒரு மாதத்துக் கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் நாவல் தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பது. நாவல் வெளிவந்த மாதத்தில் நான் எழுதிய கடிதம், உப்பு எப்போது கசக்கத் தொடங்கும் என்பதைப் பற்றியது. உவர்நீர் பாத்தி பாத்தியாக மாறி வெயிலில் அடர்ந்துவரும்போது நாம் சமையலில் போடும் உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 25 டிகிரியை எட்டிய பிறகே உப்பு படியத் தொடங்கும். அதை 30 டிகிரியை நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொண்டு கசப்பேற்றிவிடும் என்பதால், அதற்கு முன்பே மிஞ்சிய நீரைத் திறந்துவிட்டாக வேண்டும். இந்தச் சிறிய இடைவெளிக்குள்தான் என் நாவலின் நடு அத்தியாயம் முழுவதும் நிகழ்கிறது. கடிதத்தில் நான் சொன்னது அந்த இடைவெளியைப் பற்றித்தானே தவிர அத்தியாயத்தைப் பற்றி அல்ல. படித்து முடித்தவர் நாவலைத் தொடாமலே உப்பைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுந்துபோகலாம்.

அந்தக் கடிதம் ஏறத்தாழ 700 சொற்கள். தலைப்பு வரியில் "உப்பு கசக்கத் தொடங்கும் நேரம்" என்று மட்டும் இருந்தது. நாவலின் பெயரும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. அனுப்புநர் இடத்தில் என் பெயர் இருந்தது, பதிப்பகத்தின் பெயர் அல்ல. பதில் எழுதினால் நான் நேரில் திறந்து படிக்கும் பெட்டிக்கே அது வந்து சேரும். நூலின் பெயரும் விலையும் கிடைக்கும் இடமும் கடைசியில் ஒரே வரியில் இருந்தன. அந்த வரியை நான் மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் பாதங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டு ஒரு வாசகி பதில் எழுதினார். அடுத்த மாதக் கடிதம் அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது.

வாசகர் பட்டியல் எப்படி வளர்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் மனிதர் ஒருவர் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். தாம் நூல்களை விலைக்கு வாங்குவதில்லை, நூலகத்தில்தான் படிப்பேன் என்று முதல் பதிலிலேயே எழுதிவிட்டார். "அதனால் என்ன ஐயா, கடிதம் வந்துகொண்டே இருக்கும்" என்று எழுதினேன். அவர் என் கடிதங்களை அச்சிட்டு நூலகத்துக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். சில மாதங்கள் கழித்து அங்கே வரும் வாசகர்கள் சிலர் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். பிறகு நூலகரும் சேர்ந்தார். கடைசிவரை ஒரு நூலும் வாங்காத மனிதர் வழியாக வந்தவர்கள் அவர்கள். விற்பனைக் கணக்கு பார்க்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் நீக்கியிருக்கும் பெயர் அவருடையதாகத்தான் இருந்திருக்கும்.

வளர்வதற்கு நான் வைத்திருக்கும் வாசல்கள் இரண்டே. நூலின் கடைசிப் பக்கத்தில், அத்தியாயம் முடிந்து மனம் இன்னும் கதைக்குள்ளேயே இருக்கும் இடத்தில், கடிதம் பெற விரும்பினால் எங்கே பதிய வேண்டும் என்று ஒரு வரி. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், இதை யாராவது உங்களுக்கு அனுப்பியிருந்தால் நேரடியாகப் பெறும் வழி இது என்று இன்னொரு வரி. பதிகிறவருக்கு உறுதி கேட்டு ஒரு மின்னஞ்சல் போகும். அதை அவர் அழுத்தினால்தான் பெயர் சேரும். இதனால் சிலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் தவறாக எழுதப்பட்ட முகவரியும், இன்னொருவர் விளையாட்டாகப் பதிந்த முகவரியும் உள்ளே வருவதில்லை. பரிசுக் குலுக்கல் வைத்து ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்க்கலாம் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். பரிசுக்காக வந்தவர் கடிதத்தைத் திறக்க மாட்டார். நாளடைவில் அது அவருக்குத் தொந்தரவாகவே மாறும்.

அந்தத் தொந்தரவு எங்கே போய் முடியும் என்பதை, "ஒரே ஒரு அஞ்சல்தானே" என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. தான் கேட்காத அஞ்சல் வந்தால் மனிதர்கள் பட்டியலிலிருந்து விலகும் இணைப்பைத் தேடுவதில்லை, ஸ்பேம் என்று குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று அனுப்புகிறவர்களிடம் எதிர்பார்க்கிறது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பதே நல்லது என்கிறது. அந்த அறிவிப்பு என் முகவரியிலிருந்தே ஆயிரம் பேருக்குப் போனால், மூன்றே மூன்று பேர் எரிச்சலில் அழுத்துவது போதும். அதன் பிறகு என் கடிதமும், அதைக் கேட்டு வாங்கிக் காத்திருப்பவரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கலாம். அவருக்கு அது தெரியவே தெரியாது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். இதுவா ஒரே ஒரு அஞ்சல்?

கடிதத்தின் நீளத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் அஞ்சலை ஜிமெயில் நடுவிலேயே வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பார்க்க ஓர் இணைப்பைத் தருகிறது. ஆங்கில எழுத்து ஒரு பைட் இடம் பிடித்தால், யூனிகோடின் UTF-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். "கி" போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடுகளால் ஆனது. அதனால் தமிழில் ஒரு நீண்ட சிறுகதையை அலங்கார வடிவமைப்போடு அனுப்பினால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும். வெட்டுப்படும் பகுதியில் முதலில் மறைவது, அடியில் இருக்கும் விலகும் இணைப்பு. போக விரும்புகிறவருக்கு வாசல் தெரியாவிட்டால் அவரும் ஸ்பேம் என்றே அழுத்துவார். ஆகவே விலகும் இணைப்பை நான் கடிதத்தின் மேற்பகுதியிலும் வைத்திருக்கிறேன்.

எழுதுகிறவர் நூலை விற்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாக விற்க வேண்டும். 1959இல் "எழுத்து" இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, தம் நூல்களைத் தாமே சுமந்துகொண்டு போய் விற்றவர். அதில் எந்தக் குறைவும் இல்லை, ஏனென்றால் அவர் விற்க வந்திருக்கிறார் என்பது எதிரே நிற்பவருக்குத் தெரியும். நான் எதிர்ப்பது விற்பனையை அல்ல. கடிதம் என்று சொல்லி முகவரி வாங்கிக்கொண்டு, பிறகு கடை விரிப்பதைத்தான் எதிர்க்கிறேன். இந்த வேறுபாடு இவ்வளவு கடினமானதா என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. மின்னஞ்சலை இப்போது யார் படிக்கிறார்கள், வாட்ஸ்ஆப் குழு போதாதா என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் குழுவையே நடத்தட்டும்.

நூல் வரும்போது மட்டும் எழுதினால் போதாதா, மாதா மாதம் ஏன் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஓர் ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு, திடீரென்று அட்டைப்படத்தோடு வந்து நிற்கிற பெயர் பெறுகிறவருக்கு நினைவிருக்காது. நினைவில்லாத பெயரிலிருந்து வரும் அஞ்சல், அவர் என்றோ சம்மதித்திருந்தாலும், அந்நியரின் அஞ்சல்தான். நூல் எதுவும் வராத மாதங்களில் எழுதிய கடிதங்களே நூல் வரும் மாதத்துக் கடிதத்தைத் திறக்க வைக்கின்றன. எத்தனை பேர் திறந்தார்கள் என்று, அஞ்சலில் உள்ள படம் இறங்குவதை வைத்து, அஞ்சல் அனுப்பும் சேவைத்தளம் காட்டும் எண்ணையும் நான் நம்புவதில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, அதை ஏற்றுக்கொண்டவர்களின் அஞ்சல்களில் உள்ள படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுவதால், படிக்காதவரும் திறந்தவராகவே கணக்கில் வருகிறார். நான் பார்ப்பது எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்பதை மட்டுமே.

இவ்வளவையும் அறிந்த ஒருவர், என் மேசைக்கு எதிரே அமர்ந்து தேநீர் குடித்தபடி இந்தக் கடிதங்களைப் பாராட்டிய ஒருவர், "உங்கள் பட்டியல் சும்மாதானே கிடக்கிறது" என்று சொன்னது எனக்கு வலித்தது. அது சும்மா கிடக்கவில்லை. அதில் ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதர். தாயை இழந்த மாதத்தில் எனக்கு எழுதிய மகள் அதில் இருக்கிறார். பார்வை மங்கியதால் கடிதத்தைப் பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர் இருக்கிறார். அவர்களை ஒரு நாவலின் முதல் வார விற்பனைக்காக யாரிடமாவது ஒப்படைக்க முடியுமா? நான் தன்னலக்காரி என்று எழுதியவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். வாசகர்கள் என்னிடம் நம்பித் தந்ததைத்தான் நான் காக்கிறேன்.

அந்த நாவலாசிரியர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நூலை அனுப்பி வையுங்கள், படிக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தால், அதில் எந்தப் பக்கம் என்னை நிறுத்தியது என்பதை என் சொந்தச் சொற்களில் அடுத்த கடிதத்தில் எழுதுவேன். அதற்குப் பணமோ கைம்மாறோ வேண்டாம். பிடிக்காவிட்டால் எழுத மாட்டேன். எப்படியானாலும் முகவரிகளைத் தர மாட்டேன்.