குளிர்காற்று நுழையும் இடைவெளி வழியாகத்தான் புகையும் ஏறுகிறது

கொடைக்கானலில் நான் மின்பணி ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். சென்ற தை மாதம், மூன்று மாடிகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியில், தரைத்தள போர்டு அறையில் ஒரு கேபிள் முனை தளர்ந்து சூடேறி, நள்ளிரவில் தீப்பற்றியது. காவலர் மெயினை அணைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைக் கொண்டு கால்மணி நேரத்துக்குள் தீயை அடக்கிவிட்டார். முதல் மாடியில் இருந்தவர்களுக்கு விடியும்வரை எதுவும் தெரியவில்லை; மூன்றாம் மாடியில் உறங்கியவர்களோ இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். "கீழே எரிஞ்சது நடுவுல யாரையும் தொடாம மேல எப்படிங்க போச்சு?" என்று மறுநாள் உரிமையாளர் கேட்டார்.

மலையூர்க் குளிரில் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். இரவில் வெளியே ஐந்தாறு டிகிரி, உள்ளே ஹீட்டர் வெப்பம் என்றிருக்கும்போது, கட்டடத்துக்குள் இருக்கும் இலேசான காற்று கேபிள்கள் மாடிக்கு மாடி ஏறும் டக்ட் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும். கீழ்த்தளங்களில் அந்த டக்ட் அறைக்காற்றைத் தன்னுள் இழுக்கும். மேல்தளங்களில் தன்னிடம் உள்ளதை அறைகளுக்குள் தள்ளும். தீப்பிடித்ததும் வாயு பல நூறு டிகிரிக்குச் சூடாவதால் இந்த இழுப்பு பல மடங்காகிறது. எரியும் பிவிசி உறையிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடும் கார்பன் மோனாக்சைடும் அந்த வழியில்தான் மேலே போகின்றன.

டக்டுக்குள் குழாயும் கேபிளும் ஒவ்வொரு மாடியின் ஸ்லாபையும் கடக்கும் இடத்திலுள்ள இடைவெளி சிறியதுதானே என்று தோன்றலாம். 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்க்காக 150 மில்லிமீட்டர் துளை போட்டிருந்தால், சுற்றி எஞ்சும் வளையம் 80 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும், அதாவது நம் உள்ளங்கை அளவு. பத்து பாஸ்கல் என்ற மிகச் சிறிய அழுத்த வேறுபாட்டிலேயே அதன் வழியாக நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை கனமீட்டர் சூடான புகை போய்விடும். குழாய் பிளாஸ்டிக் என்பதால் நூறு டிகிரியை எட்டும் முன்பே இளகத் தொடங்கி, பிறகு சரிந்துவிடும். அப்போது முழுத் துளையும் திறந்து, வழி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. ஆகவே, பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பூசுவது மட்டும் போதாது.

அந்த விடுதியின் டக்டைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் வருத்தமாக இருந்தது. ஸ்லாப் துளைகள் அடைக்கப்படாமல் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் குளிர்காற்று வருகிறது என்று யாரோ அக்கறையோடு தெர்மாகோலும் சாக்குத் துணியும் திணித்து, மேலே ஸ்பிரே ஃபோம் அடித்திருந்தார்கள். காற்றைத் தடுக்கும் அந்தப் பொருள்களே தீக்கு இரையாகக்கூடியவை. 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதுதான். கேபிள்கள் சுவரைக் கடக்கும் இடத்தில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று ஒரு பணியாளர் மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டிச் சோதித்தார். அழுத்த வேறுபாடு சுடரை உள்ளே இழுக்க, பாலியூரித்தேன் ஃபோம் பற்றிக்கொண்டது. சுவரின் மறுபக்கத்துக்குத் தாவிய தீ ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்து, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்களைச் சேதப்படுத்தியது. ஆகவே உங்கள் டக்டில் இழுப்பு இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தியோ தீக்குச்சியோ வேண்டாம். மெல்லிய காகிதக் கீற்றை அருகில் பிடித்தால் அது சாய்வதே போதுமான அடையாளம்.

விடுதியில் அந்தப் பழைய அடைப்பு முழுவதையும் எடுத்துவிட்டு, கேபிள் துளைகளில் எரியாத பாறைக் கம்பளியை அழுத்தி நிரப்பி, தீத்தடுப்பு சீலண்டால் மூடினோம். கேபிள் கொத்துகளின் நடுவே விரல் நுழையாத சந்துகளில்தான் அதிக நேரம் பிடித்தது. வெளிவட்டத்தை மட்டும் அழகாகப் பூசிவிட்டு நடுவை விட்டுவிடுவதே இந்த வேலையில் பெரும்பாலும் நடக்கும் தவறு. பிளாஸ்டிக் குழாய்களுக்கு, சூடேறினால் தாமே உப்பி, உருகும் குழாயை நெரித்து மூடும் காலர்களை ஸ்லாபின் அடிப்பக்கத்தில் மாட்டினோம். இவற்றை இரும்பு ஆங்கரால்தான் பொருத்த வேண்டும், பிளாஸ்டிக் பிளக் இளகினால் காலரே கழன்று விழுந்துவிடும். சுவரைக் கடக்கும் இடமானால் இருபுறமும் ஒவ்வொரு காலர் தேவை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, இத்தகைய இடைவெளிகளை நிரப்பும் பொருள் குறைந்தது 120 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கு, சோதிக்கப்பட்ட ஆழத்திலும் அளவிலும் செய்த அடைப்புக்கு மட்டுமே பொருந்தும். கடையில் வாங்கிய டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதால் கிடைத்துவிடாது.

வேறு வேலையாகப் போன மாதம் அங்கே சென்றபோது டக்டைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் மாடி அடைப்பைக் கம்பியால் குத்தி யாரோ புதிய இணையக் கேபிள் இழுத்திருந்தார்கள். சுற்றிலும் கட்டைவிரல் பருமனுக்கு வழி திறந்திருந்தது. அதை அன்றே அடைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் சிவப்பு மையால் தேதியையும், புதிதாகக் கேபிள் இழுப்பவர்கள் தொடங்கும் முன் அழைக்க வேண்டிய என் எண்ணையும் எழுதிவிட்டு வந்தேன்.