இரண்டு நஞ்சுக்கொடி இருந்தால் ஒரே அச்சு இரட்டையர் இல்லையா?

"ஸ்கேனில் ரெண்டு நஞ்சுக்கொடி தெரிஞ்சா, ரெட்டைப் பிள்ளைகள் ஒரே அச்சுல இருக்கவே மாட்டாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

இது தவறு. ஒரே கருமுட்டையிலிருந்து வரும் ஒரே அச்சு இரட்டையரிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தனித்தனி நஞ்சுக்கொடிதான். கரு எந்த நாளில் பிரிகிறது என்பதே கணக்கு. முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடியும் இரண்டு, பனிக்குடமும் இரண்டு. 4 முதல் 8 நாளுக்குள் என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் இரண்டும் ஒன்றே, இது அரிது.

அருகருகே பதிந்த இரண்டு நஞ்சுக்கொடிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு. அதனால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், குழந்தைகளுக்கு நடுவே உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பார்க்கிறார்கள். அங்கே திசு முக்கோணமாக நுழைந்திருந்தால் நஞ்சுக்கொடி இரண்டு. மெல்லிய சவ்வு செங்குத்தாக முட்டினால் ஒன்று. பிந்திய மாதங்களில் இந்த அடையாளம் மங்கிவிடும்.

உங்கள் முதல் ஸ்கேன் அறிக்கையில் 'டைகோரியானிக்' என்று இருந்தால், அது நஞ்சுக்கொடி தனித்தனி என்பதை மட்டுமே சொல்கிறது. குழந்தைகள் இரண்டும் ஒரே பாலினமாக இருந்தால், ஒரே அச்சா என்பதை டிஎன்ஏ பரிசோதனைதான் உறுதிசெய்யும். அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.