‘வேலை நடக்கிறது’ என்று போட்டால் போன் நிற்காது

ரிப்பேர் கடைக்கு வெப்சைட் வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். “ஸ்டேட்டஸ் பார்க்கிற மாதிரி ஒரு பேஜ் வேணும், போன் எடுத்தே பாதி நாள் போயிடுது.” சரி என்று செய்து கொடுக்கிறோம். ஜாப் நம்பரைப் போட்டால் ‘பெறப்பட்டது’, ‘வேலை நடக்கிறது’, ‘முடிந்தது’ மூன்றில் ஒன்று வரும். அப்புறமும் போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஒரே வித்தியாசம், இப்போது பேஜைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள்: “வேலை நடக்குதுன்னு போட்டிருக்கு, எப்ப கிடைக்கும்?”

கூப்பிடுகிறவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். பொருள் இப்போது யாருக்காகக் காத்திருக்கிறது? அடுத்த தகவல் எப்போது வரும்? ‘வேலை நடக்கிறது’ இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. அது கடைக்காரர் தன் மேஜையைப் பார்த்து எழுதிய வார்த்தை. ஸ்டேட்டஸ்களை யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றோடும் அடுத்த தகவலுக்கு ஒரு நேரம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சார்ஜ் ஏறாத லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை கொடுக்கிறார்கள். பேஜில் வர வேண்டியது: ‘சோதனை வரிசையில் இருக்கிறது. புதன் மாலை 5 மணிக்குள் என்ன கோளாறு என்று இங்கே எழுதுவோம்.’ எப்போது முடியும் என்று இதில் எங்கும் சொல்லவில்லை. திறந்து பார்க்காமல் அதை எந்த டெக்னீஷியனாலும் சொல்ல முடியாது. ஆனால் எப்போது திறப்பேன் என்று சொல்ல முடியும். வாடிக்கையாளருக்கு அதுவே போதும், புதன் மாலை வரை பேசாமல் இருப்பார்.

செவ்வாய்க்கிழமை திறந்தால் சார்ஜர் செருகுகிற ஜாக் உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும். எஸ்டிமேட் போட்டாயிற்று. இப்போது ஸ்டேட்டஸ் ‘உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறது’. அதிக நாள் வீணாவது இந்த இடத்தில்தான். கடைக்காரர் கூப்பிடும்போது வாடிக்கையாளர் எடுக்க மாட்டார். அவர் திரும்பக் கூப்பிடும்போது டெக்னீஷியன் வேறு வேலையில் இருப்பார். இப்படியே இரண்டு நாள் ஓடிவிடும். பேஜிலேயே உடைந்த ஜாக்கின் போட்டோ, ஸ்பேருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, வேண்டாம் என்றால் சோதனைக்கு மட்டும் எவ்வளவு என்று போட்டு, கீழே இரண்டு பட்டன் வைத்துவிடலாம்: ‘செய்யுங்கள்’, ‘வேண்டாம், திருப்பி வாங்கிக்கொள்கிறேன்’. சம்மதம் நேரத்தோடு பதிவாகிவிடும். பில் போடும்போது “நான் அப்படிச் சொல்லலையே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதில் வெப்சைட் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சம்மதத்தை லிங்க்கைத் திறந்த உடனே பதிவு செய்கிற மாதிரி வைக்கவே கூடாது. மெசேஜில் லிங்க் அனுப்பினால், சின்னப் படத்தோடு முன்னோட்டம் காட்டுவதற்காகப் பல ஆப்கள் தாங்களே அந்த லிங்க்கைத் திறந்து பார்க்கும். மனிதர் தொடுவதற்கு முன்பே ‘சம்மதம்’ விழுந்துவிடும். லிங்க் பேஜை மட்டும் திறக்கட்டும், பட்டனை அழுத்தினால்தான் (`GET` இல்லாமல் `POST` ஆக) பதிவாகட்டும்.

செவ்வாய் இரவே சம்மதம் வந்துவிட்டது. புதன் காலை: ‘ஸ்பேருக்காகக் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும் என்று சப்ளையர் சொல்லியிருக்கிறார்.’ வெள்ளிக்கிழமை ஸ்பேர் வருகிறது, ஆனால் ஜாக்கோடு வருகிற ஒயரின் கனெக்டர் இந்த மாடலுக்குச் சேரவில்லை. திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் கடைகள் மௌனமாகிவிடுகின்றன. கெட்ட செய்தியை எழுத யாருக்கும் கை வராது. பேஜில் வெள்ளிக்கிழமை என்றே நிற்கும், சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போன் வரும். தேதி தாண்டிய வாக்குறுதி பேஜே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அதற்கப்புறம் நீங்கள் எழுதுகிற எதையும் அவர் நம்ப மாட்டார், நேராகப் போனை எடுத்துவிடுவார்.

அதனால் இந்த சாஃப்ட்வேரின் முக்கியமான திரை வாடிக்கையாளர் பார்க்கிற பேஜே இல்லை, கவுண்டரில் இருப்பவர் பார்க்கிற பட்டியல்தான் என்பேன். சொன்ன நேரம் நெருங்குகிற ஜாப்கள் சில மணி நேரம் முன்பே அதில் மேலே சிவப்பாக வந்து நிற்க வேண்டும். புதிய தேதியும் ஒரு வரி காரணமும் எழுதினால்தான் இறங்க வேண்டும். ‘வந்த ஸ்பேர் பொருந்தவில்லை, சரியானது செவ்வாய்க்கிழமை வரும்’ என்று வெள்ளி மாலையே போய்விட்டால் வாடிக்கையாளர் வருத்தப்படுவார், ஆனால் பெரும்பாலும் கூப்பிட மாட்டார். பழைய வரியை அழித்து எழுதவும் கூடாது. ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு புது வரியாகக் கீழே சேரட்டும். நடந்ததை மறைக்கவில்லை என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

‘முடிந்தது’ என்ற வார்த்தையைத் தூக்கிவிடுங்கள். ஜாக் மாட்டியதும் டெக்னீஷியனுக்கு வேலை முடிந்தது. ஆனால் முழுசாகச் சார்ஜ் ஏறுகிறதா, சூடாகிறதா என்று பார்க்க இன்னும் சில மணி நேரம் ஆகும். அதற்குள் ‘முடிந்தது’ என்று பார்த்துவிட்டு ஒருவர் கிளம்பி வந்து நின்றால் கடைக்கும் கஷ்டம், அவருக்கும் கஷ்டம். டெஸ்ட் ஆன பிறகு, ‘வந்து வாங்கிக்கொள்ளலாம்’ என்று தர வேண்டிய தொகையோடும் கடை நேரத்தோடும் போட்டால் போதும்.

இதையெல்லாம் யார் அப்டேட் செய்வது என்று கேட்பீர்கள். ஸ்க்ரூடிரைவர் பிடித்திருக்கிற கையால் தனியாக ஒரு திரைக்குப் போய் ஸ்டேட்டஸ் மாற்று என்றால் முதல் வாரம் செய்வார்கள், அப்புறம் நின்றுவிடும். எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலையோடு ஸ்டேட்டஸைக் கட்டிவிட வேண்டும். எஸ்டிமேட் சேமித்தால் ‘உங்கள் பதிலுக்காக’ என்று தானாக மாறட்டும். ஸ்பேர் ஆர்டர் பதிந்தால் ‘ஸ்பேருக்காக’, பில் போட்டால் ‘வந்து வாங்கிக்கொள்ளலாம்’. மிச்சமுள்ளதற்கு ஜாப் ஷீட்டில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர், ஸ்கேன் செய்தால் பெரிய பட்டன்கள். டைப் அடிக்க விடாதீர்கள்.

லாகின், பாஸ்வேர்ட் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு ரிப்பேருக்காக யாரும் கணக்குத் திறக்க மாட்டார்கள், போன் பண்ணிவிடுவார்கள். மெசேஜில் லிங்க் போதும். ஆனால் அந்த லிங்க் `/job/1047` என்று இருக்கக் கூடாது. `1048` என்று மாற்றிப் பார்த்தால் அடுத்தவர் பொருளும் எஸ்டிமேட்டும் தெரிந்துவிடும், சம்மத பட்டனையும் அழுத்திவிடலாம். யூகிக்க முடியாத நீளமான ரேண்டம் எழுத்துகளாக இருக்கட்டும். பேஜில் பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம்.

பேஜ் வேலை செய்கிறதா என்று தெரிய, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு உதவாது. பதற்றத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறவரும் அதில் சேர்ந்துவிடுவார். போன் வரும்போது அந்த ஜாப் எந்த ஸ்டேட்டஸில் இருந்தது என்று கவுண்டரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடுகள் எந்த ஸ்டேட்டஸில் குவிகிறதோ, அதற்கு எழுதிய வாக்கியத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.